மேற்கு வெயில் விழும் படுக்கையறை

வண்ண அட்டையை விரிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், இரவு எட்டு மணிக்குப் படுக்கையறைக்குள் போய் நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூன்று சுவர்கள் சாதாரணமாக இருக்கும். ஒன்று மட்டும் இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால், அது மேற்குச் சுவர். அந்த அறைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அந்த அறையைப் பற்றியே பேசப்போகிறேன். அதற்குச் சரியான நிறத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் வீட்டின் மற்ற அறைகள் எளிது.

அம்பாங்கில் இந்த அறை நிறைய வீடுகளில் உண்டு. நம்மவர்கள் வீடு வாங்கும்போது கிழக்குப் பார்த்த வாசலைத்தான் தேடுகிறோம். வரிசை வீட்டுக்கோ இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். சன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் இடம். ஆகவே வாசல் கிழக்கே என்றால் பின்னறைகள் மேற்கே என்று ஆகிவிடுகிறது. காலையில் வாசலில் இதமான வெயில். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஏறக்குறைய ஏழு மணிவரை, மேல்மாடிப் பின்னறையில் நெருப்பு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருப்பதால், வெயில் ஜூனில் வடக்கே கொஞ்சம் சாயும், டிசம்பரில் தெற்கே கொஞ்சம் சாயும். கிழக்குக்கும் மேற்குக்கும் மட்டும் வருடம் முழுவதும் விடுமுறை இல்லை.

என் சித்தி மகளின் வீடு அப்படிப்பட்டது. இரண்டு மாடி, கிழக்கு வாசல், மேலே பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை. மாமியாருக்கென்று ஒதுக்கிய அறை அது. “ரொம்பப் புழுக்கமா இருக்கு, கூலா ஒரு கலர் அடிப்போம்” என்று முதல்முறை அவர்களே தேர்ந்தெடுத்தது பளிச்சென்ற வான்நீலம். அட்டையில் பார்க்க அருமையான நீலம்தான். அடித்து முடித்த வாரமே என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, சாயங்காலம் ரூமுக்குள்ள நுழைஞ்சா கண்ணு கூசுது. ராத்திரி லைட்டு போட்டா கிளினிக்கு மாதிரி இருக்கு. அத்தை கீழே ஹால்லயே படுத்துக்கிறாங்க.”

அந்த அறையில் என்ன தவறு நடந்தது, பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இனி படிப்படியாகச் சொல்கிறேன்.

நிறம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்சுவரின் நிறம் அறையின் வெப்பத்தை அநேகமாகக் குறைக்காது. வரிசை வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் கனம், இருபுறமும் சிமெண்டுப் பூச்சு. மத்தியான வெயிலை அது வெளிப்பக்கம் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூடு சுவரைக் கடந்து உள்ளே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் போன பிறகு, நாம் படுக்கப் போகும் நேரத்தில், சுவர் சூட்டைக் கக்குகிறது. அப்படிக் கக்குவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். அந்தக் கதிரை வெளிவிடுவதில் வெள்ளைச் சாயம், நீலச் சாயம், கறுப்புச் சாயம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே என்ன நிறம் அடித்தாலும் சுவர் கக்குவதைக் கக்கும்.

சூட்டை உண்மையில் குறைக்கும் சாயம் அதே சுவரின் வெளிப்பக்கத்தில் அடிப்பது. நல்ல வெள்ளை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அடர்ந்த சாம்பலோ காப்பி நிறமோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். இப்போது நிறைய வீடுகளில் வெளிச்சுவருக்குக் கருஞ்சாம்பல் அடிப்பது ஒரு மோகமாகிவிட்டது. முன்முகப்பில் அழகுக்காக அடித்துக்கொள்ளுங்கள். பின்பக்க மேற்குச் சுவரில் மட்டும் வேண்டாம். அங்கே யாரும் பார்க்கப்போவதும் இல்லை. சித்தி மகள் வீட்டிலும் முதல் வேலையாக அந்த வெளிச்சுவரை வெள்ளையாக்கினோம். சன்னலுக்கு மேலே ஒரு சின்னக் கூரைத் தகடும், கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டியும் போட்டோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரைச்சீலையால் அதை மறிப்பது, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துவது மாதிரிதான்.

அப்படியானால் உள்சுவர் நிறத்தால் பயனே இல்லையா? உண்டு. அது நம் கண்ணோடும் மனத்தோடும் செய்யும் வேலை. நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்று நாம் நினைப்பதை ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் ஃபாங்கர் என்ற வெப்ப வசதி ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1977இல் வெளியிட்ட சோதனையில், அடர்ந்த சிவப்பு வெளிச்சத்தில் இருந்தவர்கள் அடர்ந்த நீல வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட 0.4 பாகை மட்டுமே குறைந்த வெப்பத்தை விரும்பினார்கள். அறை முழுவதும் சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தும் அவ்வளவுதான். எனவே “நீலம் அடித்தால் குளிரும்” என்பதை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். கண் கூசாமல் இருப்பதற்கும், சாயங்கால வெயிலில் அறை எரியாமல் இருப்பதற்கும், இரவு விளக்கில் பிணக்களை தட்டாமல் இருப்பதற்கும் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்றும் சரியாக அமைந்த அறையைத்தான் நாம் “குளுகுளுன்னு இருக்கு” என்கிறோம்.

எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும்?

சாய அட்டைகளின் பின்புறத்தில், அல்லது கடையில் கேட்டால், ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்ற ஓர் எண் கிடைக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. கடையில் கிடைக்கும் பளீர் வெள்ளை 85ஐ ஒட்டி நிற்கும். நிறத்தின் பெயரைவிட இந்த எண் எனக்கு முக்கியம். பெயரில் “மூடுபனி” என்றும் “காலைத் தென்றல்” என்றும் என்னவெல்லாமோ எழுதுவார்கள்.

நம் ஊர் வானம் பெரும்பாலும் மேகம் மூடிய வெள்ளை வானம். அது நீல வானத்தைவிடக் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெளிச்சம் 85 எண்ணுள்ள சுவரில் பட்டால் அறை முழுவதும் அலையும். படுத்தால் கண்ணை மூடத் தோன்றாது. அதற்காக 30க்குக் கீழே போனால் வேறு தொல்லை. அறை குகையாகிவிடும், பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும், சன்னல் மட்டும் தொலைக்காட்சித் திரை மாதிரி ஒளிரும். சுற்றியிருக்கும் சுவர் இருண்டிருக்க நடுவில் சன்னல் பளிச்சென்று இருப்பதுதான் கண்ணுக்கு அதிக வலி. மேற்கு அறைக்கு 55 முதல் 65 வரை உள்ள நிறங்கள் பொருந்தும் என்பது என் அனுபவம். சன்னல் இருக்கும் சுவரை மட்டும் அதே நிறத்தின் இன்னும் வெளிறிய சாயலில், 75 அளவில் அடித்தால், சன்னலுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து கூச்சம் தணியும். ஒரு சுவரை அடர்த்தியாக அடித்து அழகு காட்ட ஆசைப்படுபவர்கள், பெரும்பாலும் சன்னல் சுவரையே அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். சரியாகத் தலைகீழ். அடர்த்தி வேண்டுமானால் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் வையுங்கள்; படுத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

எண் கிடைக்காத அட்டையென்றால், வெள்ளைத் தாளின் மேல் நிறத்துண்டுகளை வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். நிறம் மறைந்து, எது எவ்வளவு வெளிறியது என்பது மட்டும் தெரியும். துல்லியமில்லை, ஆனாலும் இரண்டில் எது அடர்த்தி என்ற சண்டையைத் தீர்த்துவைக்கும்.

சித்தி மகள் அடித்த வான்நீலம் வெளிறிய நிறமாகத்தான் இருந்தது. அங்கே தவறு வேறு. அது சுத்த நீலம், சாம்பல் கலக்காதது. நான்கு சுவர்களும் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தை எறிந்துகொள்ளும்போது ஒவ்வொரு எறிதலிலும் நிறம் ஏறிக்கொண்டே போகும். விரலகல அட்டைத் துண்டில் மெல்லியதாகத் தெரிந்த நீலம் அறைக்குள் நீச்சல் குளமாகிவிடுகிறது. அதனால்தான் அட்டையில் பார்க்கும்போது “கொஞ்சம் அழுக்கா இருக்கே” என்று தோன்றும் நிறம், சுவரில் ஏறிய பிறகு சரியாக இருக்கும். அட்டையில் உங்கள் மனத்துக்குப் பிடித்த நிறத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதே குடும்பத்தில் ஒரு படி சாம்பல் கூடியதை எடுங்கள்.

பலகைச் சோதனை

சாம்பல் கலந்த மூன்று நிறங்களைக் கடையில் ஒரு லிட்டர் டின்களாகக் கலக்கச் சொன்னோம். ஒன்று பச்சை தழுவிய சாம்பல். வெற்றிலையைத் திருப்பினால் பின்புறம் தெரியுமே, அதைப் பாலில் கரைத்த மாதிரி. இரண்டாவது நீலச் சாம்பல், மழைக்கு முன் மலைமேல் நிற்கும் மேகம். மூன்றாவது எதிலும் சேராத வெளிர் மணல் நிறம்.

அவற்றை நேராகச் சுவரில் கோடு கோடாக அடித்துப் பார்க்கக்கூடாது. பழைய நீலச் சுவரின் நடுவே எந்தச் சாம்பலும் ஆரஞ்சு தட்டித் தெரியும். கண் அப்படித்தான் ஏமாறும். மெல்லிய ஒட்டுப்பலகையில் இரண்டடிக்கு இரண்டடித் துண்டுகள் எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பலகை வீதம் இரண்டு பூச்சு அடித்தோம். இரண்டையும் அறை மூலையில் ஒன்றையொன்று பார்க்கும்படி சாய்த்துவைத்தால், சுவர்கள் வெளிச்சத்தை எறிந்துகொள்ளும் வேலை சின்ன அளவில் நடந்துவிடும். பலகையைச் சுற்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டிப் பழைய சுவரை மறைத்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்ணீர்ச் சாயம் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறியிருக்கும், காய்ந்தால் ஒரு சாயல் அடரும். நம் ஊர் ஈரக்காற்றில் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் ஒரு நாள் விட்டுப் பார்ப்பதுதான் சரி.

பிறகு மூன்று நேரங்களில் பார்த்தோம். அம்பாங்குக்குக் கிழக்கே மலைத்தொடர் நிற்பதால் மலையடி வீடுகளுக்கு வெயில் ஏறச் சற்றுத் தாமதமாகும். காலை எட்டு மணிக்குப் பின்னறையில் இருப்பது வானத்திலிருந்து வரும் சாய்வு வெளிச்சம் மட்டும். அதில் நீலம் அதிகம். அப்போது நீலச் சாம்பல்தான் முதலிடம் பிடித்தது. சித்தி மகள் “இதையே எடுத்துக்கலாம்” என்று முடிவே கட்டிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, நகரத்துக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, மஞ்சளும் ஆரஞ்சுமான வெளிச்சம் நேராக உள்ளே பாய்ந்தது. நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று அழிக்கும். நீலச் சாம்பல் செத்த சாம்பலாகி, காய்ந்த சிமெண்டு போல நின்றது. மணல் நிறம் ஆரஞ்சோடு சேர்ந்து பற்றி எரிந்தது. அறையே அடுப்புக்குள் இருப்பது போல. பச்சைச் சாம்பல் மட்டும் மஞ்சளை வாங்கிக்கொண்டு இளம் வைக்கோல் நிறத்துக்கு நகர்ந்தது. எரியவும் இல்லை, சாகவும் இல்லை.

மூன்றாவது பார்வை இரவு பத்து மணிக்கு. இங்கேதான் பலருக்கும் சறுக்கும். நம் வீடுகளில் படுக்கையறைக்கும் 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்குப் போடும் பழக்கம் இருக்கிறது. அது நண்பகல் வெளிச்சம். அதன் கீழே பச்சைச் சாம்பலும் மருத்துவமனைப் பச்சையாகத்தான் தெரிந்தது. 3000 கெல்வின் விளக்கு ஒன்றை வாங்கிவந்து மாட்டியதும், அதே பலகை தேநீர்க் கடைக் கண்ணாடி மாதிரி மெத்தென்று மாறிற்று. ஆகவே விளக்கை முதலில் முடிவுசெய்யுங்கள், பிறகு நிறத்தை. விளக்கை மாற்ற வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றால், அந்த வெள்ளை விளக்கின் கீழேயே பலகையைப் பார்த்து, பச்சையோ நீலமோ இன்னும் குறைந்த நிறத்துக்குப் போக வேண்டும். நீலத்தில் உறுதியாக இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீலத்துண்டின் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் பாருங்கள். உள்ளே ஊதா ஒளிந்திருந்தால் அப்போது தெரியும். அந்த நீலம் மஞ்சள் விளக்கில் கத்தரிப்பூ நிறமாகிவிடும்.

மாமியார் இரவுச் சோதனையின்போதுதான் மேலே ஏறி வந்தார். பலகைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எஸ்டேட்டுல தீபாவளிக்குச் சுண்ணாம்புல ஒரு துளி நீலம் போட்டு அடிப்போம்ல, அந்த வீடு எப்படிக் குளுகுளுன்னு இருக்கும்!”

அவர் சொன்னது உண்மை. ஆனால் லயத்து வீட்டின் குளிர்ச்சியில் நீலத்துக்குப் பங்கு குறைவு. துணிக்குப் போடும் அந்த நீலம் சுண்ணாம்பின் மஞ்சளை மறைத்து வெள்ளையை வெள்ளையாகக் காட்ட மட்டுமே. பெரிய பங்கு சுண்ணாம்புக்கு. அது ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் காற்றில் விட்டுவிடும், சுவர் மூச்சுவிடும், பளபளப்பும் கிடையாது. பினாங்கில் லீத் தெருவில் நிற்கும் சியோங் ஃபாட் சே மாளிகையின் பெயர்பெற்ற அவுரி நீலமும் சுண்ணாம்பில் கலந்து அடித்ததே. ஆனால் ஏற்கெனவே பிளாஸ்டிக் சாயம் ஏறிய நம் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உதிர்ந்துவிடும். அந்த ஆசை இருப்பவர்கள் சுண்ணாம்பின் மங்கிய தோற்றத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மினுமினுப்பு அறவே இல்லாத சாயமும் வேண்டாம், பட்டுப்போல் மினுங்குவதும் வேண்டாம். முன்னது துடைத்தால் திட்டாகும். பின்னதில் மேற்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது பூச்சின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும். கழுவக்கூடிய, மினுமினுப்பு குறைந்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஈரம் பார்க்காமல் சாயம் வாங்காதீர்கள்

நிறம் முடிவானதும் அடுத்த நாளே அடிக்கத் தோன்றும். எங்களைத் தடுத்தது அலமாரிக்குப் பின்னால் இருந்த கரும்புள்ளிகள். கோலாலம்பூர்க் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்கும். அதாவது 24க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். ஐஸ் மைலோக் கோப்பையின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதனால்தான். இரவு முழுவதும் ஏர்கோனை 18இல் ஓடவிட்டுக் காலையில் சன்னலைத் திறந்தால், குளிர்ந்த சுவர் மொத்தமும் வியர்க்கும். காற்றாடிக் காற்று எட்டாத அலமாரிப் பின்புறம் காயாது. அங்கே பூஞ்சணம் குடியேறும். ஏர்கோனை 25, 26இல் வைத்துக் காற்றாடியையும் சேர்த்து ஓட்டுவதும், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவைப்பதும்தான் இதற்கு வழி. பூஞ்சணம் எதிர்க்கும் சாயம் உதவும், ஆனால் ஈரம் தொடர்ந்தால் அதுவும் தோற்கும்.

இருக்கும் பூஞ்சணத்தின் மேல் புதுச் சாயம் அடித்தால் சில வாரங்களில் அது ஏறி வந்துவிடும். ஒரு பங்கு குளோரின் வெளுப்பான், மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்துத் தடவுங்கள். கால் மணி நேரம் விட்டு நல்ல தண்ணீரால் துடைத்து, முழுதும் காயவிடுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தையோ வேறு எந்தத் திரவத்தையோ அதோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கரும்புள்ளி வேறு, வெள்ளைப் பொடி வேறு. சாயம் கொப்புளம் போல் எழும்பி, விரலால் தேய்த்தால் உப்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால், தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அது கூரை ஒழுகலாக இருக்கலாம், அடுத்த குளியலறைக் குழாயாக இருக்கலாம், மலைச்சரிவு வீடுகளில் மண்ணை ஒட்டிய சுவராகவும் இருக்கலாம். சந்தேகமென்றால் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது சுவரைத் தொட்டிருந்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். முன்னது என்றால் சாயக்காரரை அனுப்பிவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எல்லோரும் வீட்டுக்குச் சாயம் அடிப்பது தீபாவளிக்கு. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும் அந்தப் பண்டிகை, கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை உச்சத்துக்கு ஏறும் மாதங்களில் விழுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு இடி, ஐந்து மணிவரை மழை, சுவர் காய இடமே இல்லை. முதல் பூச்சு காயாமல் இரண்டாவது பூச்சு ஏறினால் சாயம் தோலாக உரியும்; நிறமும் திட்டுத்திட்டாக நிற்கும். ஜூன், ஜூலை மாதங்கள் இதற்கு எவ்வளவோ மேல். தீபாவளிக்குத்தான் அடிப்போம் என்றால், புரட்டாசி பிறந்ததும் தொடங்கி, காலை ஒன்பது மணிக்குள் முதல் பூச்சை முடித்துவிடுங்கள். சித்தி மகள் வீட்டில் ஜூலையில் அடித்தோம். மாமியாருக்கு அதில் ஒரு வருத்தம்: “தீபாவளிக்குள்ள பழசாயிடுமே.”

எவ்வளவு வாங்குவது

பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. உயரம் பத்தடி என்றால் 440 சதுர அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 40 கழித்தால் 400. அதாவது 37 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குப் பத்து சதுர மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஏழரை லிட்டர். சன்னல் சுவருக்கு வேறு சாயல் என்பதால், பன்னிரண்டடி நீளமான அந்தச் சுவருக்கு, சன்னல் போக, இரண்டு லிட்டர். மீதி மூன்று சுவர்களுக்கு ஆறு லிட்டர், அதாவது ஒரு ஐந்து லிட்டர் டின்னும் ஒரு லிட்டர் டின்னும். பழைய நீலத்தை மறைக்க, அதற்கு முன் ஒரு பூச்சு வெள்ளை சீலர். அதற்கு ஐந்து லிட்டர் டின் ஒன்று போதும். புதிதாகப் பூசிய சிமெண்டு இருந்தால் குறைந்தது நான்கு வாரம் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் சீலராகக் கேட்க வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் சில நீல, ஊதா நிறமிகளைத் தின்று வெளுக்கவைத்துவிடும்.

கடையில் இயந்திரம் ஒவ்வொரு டின்னுக்கும் தனித்தனியாக நிறத்துளி விடுகிறது. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் வரலாம். ஒரே நிறமுள்ள டின்கள் அனைத்தையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே அடிக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சுவரின் பாதியில் டின் மாறிய இடம், சரியாக அந்தச் சாயங்கால வெயிலில், கோடாகத் தெரியும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, ஒரு சுவரை முழுதாக மறுபடியும் அடித்திருக்கிறேன்.

கூரைப்பலகைக்கு என்ன நிறம் என்று கேட்பார்கள். மேல்மாடியில் ஓட்டுக்கு அடியில் இருப்பதால் அங்கேதான் சூடு அதிகம். அதற்கு மருந்து ஓட்டின் கீழே வெள்ளித்தாளும் பஞ்சுப்பாயும், நிறம் அல்ல. மினுமினுப்பில்லாத வெள்ளையில் சுவர்ச் சாயத்தில் கால் பங்கு கலந்து அடித்தோம். பளீர் வெள்ளையாக விட்டிருந்தால் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே அதுதான் கூசும்.

வேலை முடிந்ததும் எஞ்சிய அரை லிட்டரை மூடிபோட்ட கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அறை, தேதி, கடைச் சீட்டில் இருந்த கலவை எண் மூன்றையும் எழுதி ஒட்டிவைத்தோம். சீட்டைக் கைப்பேசியில் படமும் எடுத்தோம். அந்த மை ஆறு மாதத்தில் மறைந்துவிடும். வருகிற வருடம் கட்டில் உரசிய இடத்தில் தொட்டுவைக்க அந்தப் போத்தல்தான் தேவைப்படும். மாமியார் இப்போது மேலே படுக்கிறார். ஏர்கோன் 26, காற்றாடி இரண்டில், மூங்கில் தட்டி மத்தியானம் ஒரு மணிக்கே இறங்கிவிடுகிறது. சுவரில் மட்டும் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறார்: முருகன் படத்தின் சிவப்புச் சட்டம் அந்தப் பச்சைக்கு எடுக்கவில்லையாம். சட்டத்தை மாற்றலாமா, தலைமாட்டுச் சுவரை மாற்றலாமா என்று இன்னும் பேச்சு நடக்கிறது.